மூன்றாவது திருத்தத்துக்கும் பெரிய ரெண்டருக்கும் ஏன் தனிக் கட்டணம்: சின்னமனூர் எலிவேஷன் கலைஞர்களின் நிலைப்பாடு

வீடு கட்டும் வாடிக்கையாளர்களுக்குப் பேசிய தொகைக்குள் எலிவேஷன் படத்தை இரண்டு முறை திருத்தித் தருகிறோம். மூன்றாவது திருத்தத்துக்கும், பேசியதைவிடப் பெரிய அளவில் கேட்கும் ரெண்டருக்கும் தனியாக வாங்குகிறோம். "கம்ப்யூட்டர்தானே செய்கிறது, உங்களுக்கு என்ன செலவு?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

முதலில் அளவு. செல்போனில் பார்க்க அனுப்பும் படம் 1920 x 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். அதே படத்தை ஏ3 தாளில் 300 டிபிஐ தரத்தில் அச்சிட 1 கோடியே 74 லட்சம் புள்ளிகள் வேண்டும். எட்டு மடங்குக்கும் மேல். ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று தனித்தனியே கணக்கிடப்படுவதால், அரை மணி நேரத்தில் முடிந்த ரெண்டர் நான்கு மணி நேரத்தைத் தாண்டும். அதுவரை அந்த இயந்திரத்தில் வேறு வேலை ஓடாது. இடையில் கரண்ட் போனால் பெரும்பாலும் முதலிலிருந்துதான். சின்னப் படத்தில் அழகாகத் தெரிந்த கல் பதிப்பு பெரிதில் மங்கலாகும், அதையும் மாற்ற வேண்டும். சின்னப் படத்தையே இழுத்துப் பெரிதாக்கலாமே என்றால், இல்லாத புள்ளிகளை மென்பொருள் ஊகித்து நிரப்பும். கிராதிக் கம்பியும் ஜன்னல் விளிம்பும் குழையும். ஆனால் தெருவிலிருந்து பார்க்கும் பத்தடி ஃப்ளெக்ஸுக்கு 300 டிபிஐ தேவையே இல்லை. அதற்குப் பெரிய ரெண்டர் கேட்டால், வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடுவோம்.

திருத்தத்தில் சிக்கல் வேறு. சுவரின் நிறத்தை லேசாக மாற்றுவது, முன்பே பாகம் பாகமாகப் பிரித்து வைத்திருந்தால், சில நிமிட வேலைதான். அதைத் திருத்தக் கணக்கில் நாங்கள் சேர்ப்பதில்லை. வெள்ளைச் சுவரைச் செங்காவியாக்கினால் கதை மாறுகிறது. அந்தச் சிவப்பு போர்டிகோ தரையிலும் கூரையின் அடியிலும் பட்டுத் தெறிக்கும் என்பதால் மறுபடி ரெண்டர் போட்டே ஆக வேண்டும். பால்கனியை இரண்டடி நீட்டச் சொன்னால் மாடலைத் திருத்தி, கைப்பிடியை நீட்டி, கீழே விழும் நிழலுக்கேற்ப வெளிச்சம் அமைத்து, எல்லாக் கோணங்களையும் மீண்டும் எடுக்க வேண்டும். சொல்வது ஒரு வரி, செய்வது ஏறக்குறைய ஒரு நாள்.

"பார்த்தால்தானே பிடிக்குமா என்று தெரியும்?" என்பீர்கள். உண்மை. அதனால்தான் நிறமும் வெளிச்சமும் சேர்க்காத சாம்பல் நிற மாடலை முதலில் காட்டுகிறோம். பால்கனி, ஜன்னல், படிக்கட்டு பற்றி அந்தக் கட்டத்தில் எத்தனை முறை சொன்னாலும் கட்டணம் கிடையாது. பிளானில் உள்ள அளவை நாங்கள் தவறாகப் போட்டிருந்தால், எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தாலும் இலவசமாகவே சரிசெய்வோம். மற்றவற்றுக்கு எவ்வளவு ஆகும் என்பதை வேலை தொடங்கும் முன் எழுத்தில் தருவோம்.