நள்ளிரவில் களவு போகும் மணித்தியாலங்கள்



இரவு எட்டு மணிக்கு வேலைக்குப் போய் மறுநாள் காலை ஆறரைக்கு வெளியே வரும் ஒருவர் எத்தனை மணித்தியாலம் உழைத்திருக்கிறார்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டுச் சொல்லிவிடும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நாலு. பன்னிரண்டிலிருந்து ஆறரை வரை ஆறரை. மொத்தம் பத்தரை. ஒரு மணித்தியாலம் சாப்பாட்டுக்கு என்றால் மிச்சம் ஒன்பதரை. இந்தச் சின்னக் கணக்குத்தான் சம்பளத் துண்டுக்கு வரும்போது ஒன்றுமில்லாமல் போகிறது.

எங்கள் தோட்டத்துப் பையன்கள் இரண்டு பேர் ஊர்காவற்றுறையில் மீன் வாங்கி அனுப்பும் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை செய்கிறார்கள். மலையில் கொழுந்துக் கூடையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது தீவகத்தில் இரவிரவாக மீன் நிறுத்து, ஐஸ் போட்டு, பெட்டி அடுக்கி, விடியமுன் லொறி ஏற்றுகிறார்கள். திங்கள் முதல் சனி வரை ஆறு இரவு. இரவு எட்டு முதல் காலை ஆறரை வரை. ஒன்று முதல் இரண்டு வரை சாப்பாட்டு நேரம். போன விடுமுறையில் நெடுந்தீவுக்குப் போகக் குறிகட்டுவான் துறையில் படகுக்காகக் காத்திருந்தபோது அவர்கள் வந்து எங்களைச் சந்தித்தார்கள். கையில் சம்பளத் துண்டு. மேலதிக நேரம் என்ற இடத்தில் 0:00.

"சேர், கிழமை கிழமையா பாத்தா 12 மணித்தியாலம்னு இருக்கு. மாசக் கடைசியில ஒண்ணுமில்லேங்குறாங்க. நாலு பன்னிரண்டு எப்படி சேர் சைபர் ஆகும்?"

நாங்கள் கடைக்குப் போனோம். கணக்குப் பார்ப்பவர் நல்ல மனிதர்தான். "தம்பி, கம்பியூட்டர் காட்டுறதைத்தானே நான் எழுதுறன்" என்றார். முதலாளியின் ஆள் ஒருபடி மேலே போய், "கம்பியூட்டர் பொய் சொல்லாது" என்றார். தோழர்களே, முன்பு "செக்ரோல் பொய் சொல்லாது" என்று சொல்லி எங்கள் தாத்தாமாரின் அரைப்பேரை வெட்டியவர்களும் இதே குரலில்தான் பேசினார்கள். எழுதுகிறவன் எதைச் சொல்லிக் கொடுத்தானோ அதைத்தான் ஏடும் சொல்லும், கம்பியூட்டரும் சொல்லும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கடை, மொத்த வியாபார நிலையம், காரியாலயம் ஆகியவற்றில் வேலை செய்கிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பொருந்தும். சாப்பாட்டு நேரத்தைக் கழித்துவிட்டு நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் செய்வது மேலதிக நேரம். அதற்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் மேலதிக வேலை வாங்கவும் கூடாது.

இப்போது பையன்களின் கணக்கு. ஓர் இரவுக்கு ஒன்பதரை. ஆறு இரவுக்கு 57 மணித்தியாலம். 57இல் 45ஐக் கழித்தால் 12. வேறு வழியாகவும் பார்க்கலாம். எட்டைத் தாண்டி ஓர் இரவுக்கு ஒன்றரை, ஆறு இரவுக்கு 9. மிச்சம் 48 மணித்தியாலம், அதுவும் 45ஐ விட 3 கூட. 9உம் 3உம் 12. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் கணக்குச் சரி. முழு 12ஐயும் கண்டபிறகு அதன்மேல் இரவு இரவாக ஒன்றரையையும் கூட்டக் கூடாது. ஒரே மணித்தியாலத்துக்கு இரண்டு தரம் கேட்டால் எங்கள் நியாயம்தான் கெடும்.

நாலு கிழமைக்கு 48 மணித்தியாலம். கணக்குக்காக மணித்தியாலத்துக்கு 200 ரூபா என்று வைத்தால், ஒன்றரை மடங்கு 300 ரூபா. மாதம் 14,400 ரூபா. துண்டில் வந்தது சைபர்.

எங்கே போனது? அந்த எக்செல் தாளைத் திறந்து பார்த்தோம். எக்செல் ஒரு முழு நாளை 1 என்று வைத்துக்கொள்கிறது. 12 மணித்தியாலம் என்றால் அதற்கு அரை. 24 என்றால் 1. ஆனால் கட்டத்துக்குள் நேரத்தைக் காட்டும்போது, சாதாரண மணி வடிவத்தில் வைத்திருந்தால், சுவர்க் கடிகாரம் போல 24 ஆனதும் மறுபடி சைபரிலிருந்து தொடங்கும். 48 மணித்தியாலம் என்பது அதற்கு முழுதாக இரண்டு நாள். மேலே மிச்சம் எதுவுமில்லை. ஆகவே 0:00. கிழமைக் கூட்டுத்தொகை 57உம் அதே தாளில் 9:00 என்றுதான் இருந்தது. மாதச் சம்பளம் நிலையானது என்பதால் அதை யாரும் கவனிக்கவில்லை.

உள்ளே இருக்கும் தொகை சரி. காட்டும் முகம்தான் பிழை. கணக்குப்பிள்ளை அந்த முகத்தைப் பார்த்துச் சம்பளத் தாளில் கையால் எழுதினார். சைபர் என்பதால் பையன்கள் கண்டுபிடித்தார்கள். 50 மணித்தியாலமாக இருந்திருந்தால் 2:00 என்று காட்டியிருக்கும். "ரெண்டு மணித்தியாலம் ஓ.டி. கிடைச்சிருக்கு" என்று கைநீட்டி வாங்கிக்கொண்டு வந்திருப்போம். சைபரை விட அந்த இரண்டுதான் ஆபத்தானது.

திருத்துவதற்கு ஐந்து நிமிடம் போதும். A2இல் தொடங்கிய நேரம், B2இல் முடிந்த நேரம், C2இல் சாப்பாட்டு நேரம், D2இல் அந்த இரவின் வேலை நேரம் என்று வைத்துக்கொள்வோம். D2இல் முதல் வரியை எழுதி, D7 வரை ஆறு இரவுக்கும் இழுக்க வேண்டும். D8இல் கிழமைக் கூட்டுத்தொகை. D9இல் மேலதிக நேரம்.

```
=MOD(B2-A2,1)-C2
=SUM(D2:D7)
=MAX(0,D8-45/24)
```

முதல் வரிதான் நள்ளிரவைத் தாண்டுகிறது. ஆறரையிலிருந்து இருபதைக் கழித்தால் கழிவு எண் வரும். எக்செல் கட்டம் முழுக்க ##### என்று நிரப்பிவிடும். MOD அதோடு ஒரு முழு நாளைச் சேர்த்து, சரியான பத்தரையைத் தரும். கூட்டுத்தொகைக் கட்டங்களுக்கு வடிவம் `[h]:mm` என்று இருக்க வேண்டும். அந்தச் சதுர அடைப்புக்குறிதான் 24இல் நின்று திரும்பாமல் 57, 48 என்று மேலே எண்ண வைக்கிறது.

பணமாக்கும்போது இன்னொரு குழி. 48 மணித்தியாலம் உள்ளே 2 என்றுதான் இருக்கிறது. அதை நேரே 300ஆல் பெருக்கினால் 600 ரூபா வரும். முதலில் 24ஆல் பெருக்கி மணித்தியாலமாக்க வேண்டும். அப்போதுதான் 14,400.

தாளைத் திருத்தியதும் முதலாளியின் ஆள் வேறு வாசலால் வந்தார். "பன்னிரண்டு மணியோட நாள் முடிஞ்சுது. முதல் நாள் நாலு மணித்தியாலம், மறுநாள் அஞ்சரை. எந்த நாளில எட்டைத் தாண்டினது?" இந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனையோ பேர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பியிருப்பார்கள். நாங்கள் அவருடைய வழியிலேயே எண்ணிக் காட்டினோம். செவ்வாய்க்கிழமையை எடுங்கள். விடியப்புறம் பன்னிரண்டு முதல் ஆறரை வரை, சாப்பாடு போக அஞ்சரை. அதே செவ்வாய் இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரை நாலு. ஒரே தேதியில் ஒன்பதரை! ஓர் இரவை இரண்டு வரியாகப் பிளந்து, ஒவ்வொரு வரியையும் தனித்தனியே எட்டோடு ஒப்பிட்டால் மட்டும்தான் மேலதிக நேரம் மறையும். தேதி வாரியாக ஒழுங்காகக் கூட்டினால் திரும்பி வந்துவிடும்.

அப்படியும் விடவில்லை என்றால் 45 இருக்கிறது. திங்கள் 4, செவ்வாய் முதல் சனி வரை நாளுக்கு ஒன்பதரைப்படி நாற்பத்தேழரை, ஞாயிறு விடியல் அஞ்சரை. கூட்டினால் 57. எப்படி வெட்டினாலும் தொகை மாறாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சனி இரவின் பின்பாதி ஞாயிறில் விழுகிறது. அதை ஒரு மாதம் இந்தக் கிழமையிலும் மறு மாதம் அடுத்த கிழமையிலும் சேர்த்து விளையாட விடக் கூடாது. இரவு தொடங்கிய நாளிலேயே முழு இரவையும் எழுதுங்கள் என்று கேளுங்கள். எப்போதும் அப்படியே எழுதட்டும்.

இது தீவகத்துக் கதை மட்டுமல்ல. பகலில் பறித்த கொழுந்து இரவு முழுக்க வாட்டுமேடையில் கிடக்கிறது. விடியமுன் அரைக்கத் தொடங்குகிறார்கள். எங்கள் தேயிலைத் தொழிற்சாலைகளில் நள்ளிரவைத் தாண்டும் வேலை அன்றாடம். அங்கே வேலை நேரத்தையும் கொடுப்பனவையும் சம்பளச் சபை தீர்மானிக்கிறது. ஆகவே மேலே சொன்ன 45ஐ அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள். ஆனால் கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். செக்ரோல் கம்பியூட்டருக்குப் போகும் தோட்டமெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்: மாதக் கூட்டுத்தொகை 24ஐத் தாண்டி எண்ணுகிறதா?

கம்பியூட்டர் இல்லாமலே சரிபார்க்கலாம். ஒரு சின்னக் கொப்பியில் ஒவ்வொரு இரவும் நாலு எண் எழுதுங்கள்: வந்த நேரம், பன்னிரண்டு வரை எவ்வளவு, பன்னிரண்டுக்குப் பிறகு எவ்வளவு, சாப்பாட்டு நேரம். மணித்தியாலத்தைத் தனியாகவும் நிமிடத்தைத் தனியாகவும் கூட்டி, நிமிடத்தை 60ஆல் வகுத்து மணித்தியாலத்தோடு சேருங்கள். ஒன்பதரையை 9.30 என்று எழுதிப் பெருக்க விடாதீர்கள். அது 9.5. இரவுக்கு 0.2 குறைந்தால் இருபத்துநாலு இரவில் 4.8 மணித்தியாலம். எங்கள் கணக்கில் 1,440 ரூபா.

அந்தக் கடை போன மாதத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டது. அதற்கு முந்திய மாதங்களைப் பற்றிக் கேட்டால் "பழைய தாள் இல்லை" என்கிறார்கள். பையன்களிடம் கொப்பி இருக்கிறது. வேலை நேரப் பதிவை வைத்திருப்பது முதலாளியின் கடமை, தொழிலாளியின் கடமையல்ல. நாங்கள் கொப்பியையும் துண்டுகளையும் பிரதி எடுத்துக்கொண்டு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போகிறோம். திருத்திய தாள் வரப்போகும் மாதங்களுக்கு மட்டும் என்றால், போன மாதங்களின் இரவுகளில் மீன் சுமந்தது யார்?

இரவு வேலைக்குப் போகும் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இன்றே அந்தக் கொப்பி தொடங்கட்டும். மாதக் கடைசியில் துண்டையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து எண்ணுவோம்.