ஒரு பக்கம் குறைந்தது

தோட்டத் துண்டாடல் நிகழ்ச்சிக்காகப் பழைய நூலொன்றைப் பிடித்தேன். கடைசிப் பக்கச் சொல்லடைவில் ‘12, 148-53’ என்றிருந்தது. தெலுக் பங்லிமா காராங் நகல் கடைத் தம்பி விழித்தார். “148க்குப் பிறகு 53 எப்படிக்கா வரும்?”

பின் எண் சிறிதாக இருந்தால், விட்டுப்போன முன் இலக்கத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும், அது 153. அவருக்கு விளக்கிய நான்தான் கோட்டை விட்டேன். 153இல் 148 போனால் ஐந்து, 12ஆம் பக்கத்தோடு ஆறு என்று காசு கொடுத்து வந்துவிட்டேன்.

ஒலிப்பதிவில் வாசித்தால், பாதி வாக்கியத்தோடு கதை நிற்கிறது. 153 இல்லை! தொடக்கப் பக்கமும் கணக்கில் உண்டு. கழித்தபின் ஒன்று கூட்டியிருக்க வேண்டும்.

இப்போது விரித்தே எழுதிக் கொடுக்கிறேன்: 12, 148, 149, 150, 151, 152, 153. தம்பி விரல்விட்டு எண்ணுகிறார், ஏழு.