கட்டத்தினுள் நிற்கும் 40

புசா தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் தொழில் பயிலும் மாணவனுக்கு ஒரு தகட்டின் வரைபடம் தரப்படுவதாகக் கொள்ளலாம். நீளம் 80 ± 0.2 மி.மீ. துளையின் மையம், இரண்டு ஆதார விளிம்புகளிலிருந்து 40, 20 என, கட்டங்களுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. டாலரன்ஸ் குறிக்கப்படாத அளவுகளுக்கு ± 0.3 என்று கீழே ஒரு பொதுக் குறிப்பும் உண்டு.

அக்குறிப்பைக் கட்டத்திலுள்ள 40-க்கும் சார்த்திவிடுவதே பெரும்பிழை. கட்டத்து எண் துளை இருக்கவேண்டிய சரியான இடத்தை மட்டுமே சொல்கிறது. அது எவ்வளவு விலகலாம் என்பதைத் துளைக்கு உரிய சட்டகம் சொல்கிறது. இங்கே அது 0.2 விட்டமுள்ள வட்டம். அளந்தபோது 40.08, 20.05 எனக் கிடைத்தால் மையத்தின் விலகல் ஏறத்தாழ 0.094, அதன் இருமடங்கு 0.19, துளை தேறும். 40.25, 20.00 எனில் இருமடங்கு 0.50, தள்ளவேண்டியதே. பொதுக் குறிப்பை நம்பியவரோ இதையும் ஏற்றுக்கொள்வார். பொருத்தும்போது போல்ட் நுழையாமல் போகலாம்.

துளைக்கு அப்பால் எஞ்சும் நீளம், அடைப்புக்குறிக்குள் (40) என்றிருக்கிறது. அது கணக்கிட்டு அறியும் துணையளவே. அதை அளந்து தகட்டைத் தள்ளும் வழக்கத்தை ஆசிரியர்கள் விலக்கவேண்டும். சோதனைத் தாளில் அதற்கு இடமே தரலாகாது.