பேரனின் கழுத்தும் மூன்று துணிகளும்

தாய்வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டு, மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் என் மருமகள் குழந்தையோடு காஹாங்குக்குத் திரும்பி வந்தபோது, பேரனை ஆவலோடு கையில் வாங்கிய எனக்கு முதலில் தென்பட்டது அவன் முகமன்று; கழுத்து மடிப்பிலும் முதுகின் மேற்புறத்திலும் கடுகு தூவினாற்போல் சிவந்து கிடந்த பொரிப்பொரியான சிறு கொப்புளங்களே. பால் ஒத்துக்கொள்ளவில்லையோ என்ற சந்தேகத்தில் அந்தப் பெண் மீனையும் முட்டையையும் அறவே தள்ளி, இரண்டு வாரமாய் ரசமும் சோறுமாகக் காலம் கழித்திருந்தாள். குழந்தையின் உடலிலோ, கால்பாதம் வரை மூடிய பாலியஸ்டர் சட்டை ஒன்று; அதன்மேல் வாத்துப் படம் போட்ட பிளானல் துணிச் சுற்று; தலைக்குக் குல்லாய். முப்பது வருஷம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவள் நான்; துணியைத் தொட்டதுமே காரணம் எனக்கு ஒருவாறு புலப்பட்டுவிட்டது.

"குளிர் படக்கூடாதுன்னுதான் சுத்தி வச்சேன், அத்தை. கை காலெல்லாம் சில்லுன்னு இருக்கே" என்றாள்.

சிசுக்களின் கையும் காலும் இயல்பாகவே சற்றுக் குளிர்ந்துதான் இருக்கும். உடலின் உஷ்ணத்தை அறியப் பிடரியிலும் மார்பிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். பிடரியில் என் விரலை வைத்தபோது அது நனைந்து வந்தது. வேர்வை வெளியேறும் நுண்ணிய துவாரங்கள் பச்சிளம் பருவத்தில் முழு வளர்ச்சி பெறாதவை. ஈரமும் வெப்பமும் ஓயாது சூழ்ந்தால் அவை அடைபட்டு, வேர்வை தோலுக்குள்ளேயே தேங்கி, பொரியாக எழும்புகிறது. வேர்க்குரு என்று நம் பாட்டிகள் பெயரிட்டது இதைத்தான். செம்பனைக் காடு சூழ்ந்த, இரவிலும் காற்றில் ஈரம் குறையாத நம் ஜொகூர் உட்பகுதியில், குழந்தையின் துணியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற்கேள்வி அது கைக்கு எவ்வளவு மிருதுவாயிருக்கிறது என்பதன்று. வேர்வையை அது என்ன செய்கிறது என்பதே.

மறுநாள் காலை, பெட்டியிலிருந்த மஸ்லின் துணியிலும், பழைய பிளானலிலும், அவள் கொண்டு வந்த பாலியஸ்டர் சட்டையிலுமாகச் சாண் அளவுத் துண்டுகள் மூன்றை வெட்டி, நீரில் நனைத்துப் பிழிந்து, தாழ்வாரத்துக் கொடியில் போட்டேன். வெளியே மழை விட்டபாடில்லை. பாலியஸ்டர்தான் முதலில் உலர்ந்தது, அடுத்து மஸ்லின், பிளானலோ விளக்கேற்றும் நேரத்திலும் சில்லென்றே இருந்தது.

"அப்போ பாலியஸ்டர்தானே நல்லது, அத்தை?" என்று அவள் கேட்டாள். மிக நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் நான் செய்த பரீட்சைக்கே அர்த்தமில்லை.

சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏழெட்டு கிராம் ஈரத்தைத் தன் இழைக்குள் ஏற்றுக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராமைக்கூட ஏற்பதில்லை. அது விரைவில் உலர்ந்ததற்குக் காரணம், நீரை அது உள்ளே வாங்கவே இல்லை என்பதுதான். கொடியில் காற்றோட்டத்தில் தொங்கும்போது குணமாகத் தோன்றும் இந்தச் சுபாவம், இரண்டு துணிகளுக்கு நடுவே அகப்பட்ட குழந்தையின் முதுகில் தோஷமாக மாறிவிடுகிறது: வேர்வை துணிக்குள் போகவும் வழியில்லாமல், காற்றில் கலக்கவும் இடமில்லாமல், தோலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பாலியஸ்டருக்கு ஏற்றப்படும் சாயங்கள் இழையோடு ரசாயன பந்தம் கொள்ளாமல் உள்ளே தங்கியிருப்பவையாதலால், சில அடர்ந்த நீலங்கள் வேர்வையில் கசிந்து, ஒவ்வாமையுள்ள சருமத்தைத் தூண்டுவதும் உண்டு. இருந்தாலும் பாலியஸ்டரை ஒரேயடியாக ஒதுக்க நான் சம்மதியேன். துணி நாப்கினின் உட்புறம் அதையே மெல்லிய விரிப்பாக வைத்தால், சிறுநீரைத் தன்னிடம் நிறுத்தாமல் கீழுள்ள உறிஞ்சுதுணிக்கு அனுப்பிவிட்டு, தொடையை ஏறக்குறைய உலர்வாக வைத்திருக்கும்.

பிளானலின் கதை வேறு. அதுவும் பெரும்பாலும் பருத்திதான். ஆனால் நெய்த பின் கம்பித் தூரிகைகளால் மேற்பரப்பைச் சுரண்டி, இழைகளை மயிர்போல் எழுப்பி விடுகிறார்கள். அந்த மயிர்களுக்கிடையே சிறைப்பட்ட காற்றுதான் கதகதப்பைத் தருகிறது. கேமரன் மலையில் இருக்கும் குழந்தைக்கு அது வரப்பிரசாதம். காஹாங்கில் அதுவே வேர்வைக்கு மேல் போட்ட மூடி. பலமுறை துவைத்த பிளானலில் மயிர்கள் திரண்டு சிறு முடிச்சுகளாகி, மிருதுவென்று நாம் நம்பிய துணியே தோலை உராயவும் தொடங்கும்.

மஸ்லின் என்ற பெயரைக் கேட்டதும் மோதிரத்துக்குள் நுழையும் டாக்கா மஸ்லினை நினைக்க வேண்டாம். இன்று குழந்தைகளுக்கென்று விற்பது, நம் மல் துணியைப்போல இழைகளுக்கு இடைவெளி விட்டு நெய்த எளிய பருத்தி. பெரும்பாலும் இரண்டு அடுக்கை ஆங்காங்கே முடிச்சிட்டுச் சேர்த்திருப்பார்கள். துவைத்ததும் அது சுருங்கி மேடும் பள்ளமுமாகிவிடுவதால், தோலில் எங்கும் ஒட்டாமல் மேடுகள் மட்டுமே படுகின்றன. பள்ளங்களில் காற்று நடமாடுகிறது. தோட்டத்து ஆயாக் கொட்டகைகளில் துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டிகளைக் குழந்தைகளுக்கு விரித்தார்களே, அதன் பிரயோஜனமும் இதுவேதான்.

வாங்கும்போது ஜாக்கிரதை வேண்டும். பாசார் மாலாமில் காட்டன் என்று எழுதி விற்பதெல்லாம் பருத்தியாகிவிடாது. ஓரத்து நூல் ஒன்றை உருவி, குழந்தைக்கு எட்டத்தில், கழுவுதொட்டியின் மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாய் உதிரும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாய் இறுகும், இரண்டும் கலந்த துணியில் சாம்பலுக்குள் அந்த மணி கையில் நெருடும். நல்ல பருத்தியானாலும் புதிதாக வரும்போது கஞ்சியும் மெருகும் ஏறியிருக்கும். சுருக்கம் விழாத துணி என்று விளம்பரப்படுத்துவதில் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த மருந்து இருக்கக்கூடும். 24 மாதத்துக்குட்பட்ட சிசுக்களின் உடுப்பில் அது பரிசோதனையில் தென்படவே கூடாதென்று ஜப்பானில் சட்டமே இருக்கிறது. ஆகவே வெட்டித் தைக்குமுன் இருமுறை துவைத்து, கூடுதலாக ஒருமுறை அலசிவிடுங்கள். வாசனை மென்மையூட்டிகள் வேண்டாம். அவை இழைமேல் மெழுகுபோல் படிந்து, பருத்தியின் உறிஞ்சும் சக்தியையே கெடுத்துவிடும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஒப்பாது. மருமகள் சுற்றியிருந்த அந்தப் பிளானலில் பாச்சை உருண்டை நெடி வீசியது. அவள் தாயார் பழைய பெட்டியிலிருந்து ஆசையாக எடுத்துக் கொடுத்ததாம். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு நாஃப்தலீன் உருண்டையின் ஆவி, இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையை உண்டாக்க வல்லது. மலேசியாவில் பிறந்த சிசுக்களுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். முடிவு குழந்தையின் பதிவேட்டில் இருக்கும். நாங்கள் எடுத்துப் பார்த்தோம், குறைபாடில்லை. ஆயினும் அந்தத் துணியை அன்றே அப்புறப்படுத்தினோம்.

மஸ்லினில் கையில்லாச் சட்டைகள் நான்கு தைத்தேன். தையல் விளிம்பு தோலில் படாதிருக்க, மடிப்பை வெளிப்புறமாக விட்டேன். குல்லாய் போயிற்று, மழையிரவில் மட்டும் இரண்டாவதாக ஒரு மஸ்லினைத் தளர்த்தியாய்ப் போர்த்தினோம், வேறொரு சுத்தமான பிளானல், குளித்ததும் ஈரம் ஒற்றும் துவாலையாயிற்று. மூன்றாம் நாள் கழுத்துப் பொரிகள் அடங்கின. நான்காம் நாள் மருமகள் மீன் குழம்பு வைத்தாள்.

ஆனால் கன்னத்தில் பழைய ரிங்கிட் நாணயம் அளவில் வறண்டு செதிலாய் இருந்த திட்டு ஒன்று மட்டும் மாறவில்லை. குழந்தை அதைத் தோளில் தேய்த்துக்கொண்டே இருந்தான். குளிர்ச்சிக்கு அடங்காமல், வறட்சியும் நமைச்சலுமாய் நிலைத்து நிற்பது வேர்க்குருவன்று, கரப்பான். அது துணியை மாற்றினால் மட்டும் தீராது. அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திராமல் அந்தத் திங்கட்கிழமையே சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். எந்தத் துணி, என்ன சவர்க்காரம் என்று தாதி ஒவ்வொன்றாய்க் கேட்டபோது, மருமகள் பையிலிருந்த அந்த மூன்று துண்டுகளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.