பெயரும் பிழைப்பும்

நம் பகுதியில் ஓர் ஊர் உண்டு. அதைப் பூந்தமல்லி என்று சொல்கிறோம். பூவிருந்தவல்லி என்றும் எழுதுகிறோம். ஆங்கிலப் பலகையிலோ Poonamallee என்று படிக்கிறோம். மூன்று பெயர் இருந்தும் அவ்வூருக்கு ஒரு குறையும் நேரவில்லை. ஊர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தேடுவோர் கேட்டுக் கேட்டாவது வந்து சேர்வர். ஆனால் ஐயாயிரம் ரூபாய் முதலில் தொடங்கும் ஒரு சிறு தொழிலுக்கு அந்த வசதி இல்லை. பெயரைச் சரியாக எழுதத் தெரியாதவன் அதைத் தேடிக் காணமாட்டான்; அடுத்த கடைக்குப் போய்விடுவான். ஆதலால் தொழிலுக்குப் பெயர் வைப்போர் முதலில் எண்ண வேண்டியது அதன் அழகை அன்று; அதன் எழுத்தை என்பது என் கருத்து.

இதனை வெறும் ஏட்டளவில் சொல்லவில்லை. அம்பத்தூரில் எங்கள் தெருவைச் சேர்ந்த மகளிர் சுய உதவிக் குழுவினர், என் தாயாரும் அவர்களுள் ஒருவர், முறுக்கும் அதிரசமும் செய்து பொட்டலமிட்டு விற்க முற்பட்டனர். இரண்டெழுத்து ஆங்கிலம் படித்தவன் என்பதால் பெயர் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. அவர்கள் மனத்தில் முன்பே இரு பெயர்கள் இருந்தன. ஒன்று ‘பாட்டி’, மற்றொன்று ‘அமிழ்து’. இரண்டும் நல்ல தமிழ்ப் பெயர்களே. எனினும் இரண்டும் நிற்கவில்லை. ஏன் என்பதே இக்கட்டுரை.

முதலில் ‘பாட்டி’யைப் பார்ப்போம். ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். எனவே நம்மவர் பாட்டியை Patti என்றே எழுதுவர். அச்சொல் மலையாளம் பேசுவோர் கண்ணில் பட்டால் ‘பட்டி’ ஆகும்; அவர்கள் மொழியில் அதற்கு நாய் என்று பொருள். இந்தி பேசுவோர் அதைக் காயத்திற்குக் கட்டும் துணி என்று படிப்பர். இது எங்கோ தொலைவில் உள்ளோர் கதையன்று. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முகாமும் விமானப்படை நிலையமும் உள்ளன. அங்கு வாழும் குடும்பங்கள் பல மாநிலத்தவை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்வோரும் அவ்வாறே. அவர்கள்தாம் எங்கள் பலகாரத்தை வாங்க வேண்டியவர்கள். Paatti என்று எழுதினால் என்ன எனலாம். நாம் எழுதலாம், தொலைபேசியில் பெயரைக் கேட்டு எழுதுபவர் அந்த இரண்டாவது ‘ஏ’யை எழுதுவார் என்பதற்கு என்ன உறுதி?

அடுத்தது ‘அமிழ்து’. இதன் இடர் பொருளில் இல்லை, ழகரத்தில் இருக்கிறது. தெருவில் ஐந்து பேரிடம் பெயரைச் சொல்லி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். Amizhthu, Amizhdhu, Amilthu, Amiltu, Amizthu என ஐந்து வடிவம் வந்தது. தமிழில் ‘து’ ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் அதற்கு நான்கு வழிகள். வங்கிக் கணக்கில் ஒரு வடிவமும், உணவுப் பதிவுச் சான்றில் மற்றொன்றும், அச்சிட்ட பையில் இன்னொன்றும் இருந்தால், மூன்றும் ஒரே தொழில்தான் என்று காட்டுவதற்கே அலைய வேண்டியிருக்கும்.

எழுத்தை ஒலிக்கு ஏற்றபடி திருத்திவிட்டால் போதாதா என்று கேட்கும் நண்பர்கள் 2020ஆம் ஆண்டை நினைவுகூர்தல் நலம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளிவந்தது. கோயம்புத்தூர் Koyampuththoor ஆயிற்று. வேலூர் Veeloor ஆயிற்று. பின்னதைப் படிப்பவர் ‘வீலூர்’ என்றே சொல்வர். கண்டனம் எழுந்து அம்மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. அரசே முயன்றும் கைகூடாத ஒன்றை ஒரு முறுக்குக் குழு எப்படிச் சாதிக்கும்? எழுத்தைப் பெயருக்குப் பொருத்துவது கடினம். எழுத்துக்குப் பொருந்தும் பெயரைத் தேர்வதே எளிது.

பிற மொழிப் பொருளைப் பெரிய நிறுவனங்களும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மிட்சுபிஷியின் பஜேரோ வண்டி, ஸ்பானிய மொழி வழங்கும் பல நாடுகளில் மாண்டெரோ என்ற பெயரிலேயே விற்றது. முதற்பெயர் அம்மொழியில் கொச்சைச் சொல்லாகிவிட்டது காரணம். டாட்டா நிறுவனம் ஒரு காருக்கு ஸிகா என்று பெயரிட்டிருந்தது. அதே ஒலியுள்ள ஸிகா நோய் பரவியதால் 2016இல் அதை டியாகோ என மாற்றியது. முன்னது தேடியிருந்தால் தெரியக்கூடியது. பின்னது எவராலும் முன்னறிய முடியாதது. எனவே சோதனை எல்லா இடரையும் நீக்கிவிடாது. ஆனால் அவர்களுக்கு மாற்றப் பணம் இருந்தது. எங்களுக்கு அச்சடித்த ஆயிரம் பைகள் வீணானால் அதுவே முதலில் பாதி.

இனிச் சட்டம். வணிகக்குறியாகப் பதிய விரும்பினால், தனியாருக்கும் சிறு தொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. தமிழ் எழுத்தில் குறி இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும். பொருள் வேறாயிருந்தால் போதும் என்று எண்ணிவிடலாகாது. அமிர்ததாரா, லட்சுமண்தாரா என்ற இரு மருந்துகளின் வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சாதாரண வாடிக்கையாளர் சொல்லைப் பிரித்துப் பொருள் பார்ப்பதில்லை. அரைகுறை நினைவில் நிற்கும் முழு ஒலியைக் கொண்டே வாங்குகிறார் என்றது. இரண்டும் ஒத்த ஒலியுடையன என்றே முடிவாயிற்று. நெடுங்காலம் எதிர்ப்பின்றி விற்றுவந்தமையால் மட்டுமே லட்சுமண்தாராவுக்கு உத்தரப் பிரதேச அளவில் பதிவு கிடைத்தது. ஆகவே பதிவகத்தின் இணையதளத்தில் எழுத்தால் தேடுவதோடு, ஒலியால் தேடும் வசதியையும் பயன்படுத்த வேண்டும். முறுக்கு போன்ற பண்டங்களுக்கு 30ஆம் வகுப்பில் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கருதி நாங்கள் மூன்றாவதாக எடுத்த பெயர் ‘நிலாமணி’. ழகரம் இல்லை, தகரம் இல்லை, ககர, பகரக் குழப்பமும் இல்லை. முன்போலவே ஐவரை எழுதச் செய்தேன். நால்வர் Nilamani என்றும் ஒருவர் Neelamani என்றும் எழுதினர். நெடில் இங்கும் மயங்கத்தான் செய்கிறது. ஆனால் மயங்கினால் கிடைப்பது ‘நீலமணி’. இந்தியிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் அது நீலக்கல்லைக் குறிக்கும். பிழையாகப் படித்தாலும் நல்ல பொருளே வருகிறது. நான்கு மொழி அறிந்தவர்களிடம் தனித்தனியே கேட்டோம். அதுவும் ‘இதன் பொருள் நல்லதா?’ என்று கேட்கவில்லை. எழுதிக் காட்டி, ‘இதைப் படியுங்கள், என்ன நினைவுக்கு வருகிறது?’ என்று கேட்டோம். முதல் வகைக் கேள்விக்கு மரியாதைக்காக ‘நல்லது’ என்பர். இரண்டாவதற்குத்தான் உண்மை வெளிவரும். இனி இரு வடிவங்களையும் பதிவேட்டில் தேடிய பின்னரே பை அச்சிடுவது என்று குழு முடிவு செய்துள்ளது.

இத்தனை தொல்லை எதற்கு, ஓர் ஆங்கிலப் பெயரை வைத்துவிடலாமே என்பார் உண்டு. ஆங்கிலச் சொல்லைக் கேட்டவுடன் பிழையின்றி எழுதுவோர் நம் தெருவில் எத்தனை பேர்? மேலும் இம்மாநிலத்தில் கடைப்பலகையில் தமிழ்தான் மேலே இருக்க வேண்டும் என்பது விதி; அந்த ஆங்கிலப் பெயரையும் தமிழில் எழுதியே தீர வேண்டும். குழப்பம் திசை மாறுமேயன்றித் தீராது. நம் மொழியில் பெயருக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் காதால் கேட்டவன் கையால் எழுதக்கூடியதும், அடுத்த வீட்டு மொழியில் தலைகுனிய வைக்காததுமான ஒன்றைத் தேர்ந்தால் போதும். அதற்கு ஒரு வாரப் பொறுமையும், ஒரு தாளும், ஐந்து அண்டை வீட்டாருமே முதல்.