‘அமைதியாக இளைப்பாறுங்கள்’ என்று ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு அனுப்பலாமா?

ஆபீஸில் ஒருவருக்குப் பித்தப்பை ஆபரேஷன். டீம் முழுவதும் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்து அட்டை தயார் செய்கிறது. ‘சாரி டு ஹியர்’, ‘வி மிஸ் யூ’, ‘யூ ஆர் இன் அவர் தாட்ஸ்’, ‘ரெஸ்ட் வெல்’, ‘இட் வில் பி ஓவர் சூன்’. எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். அப்போது யாரோ ஒருவர், “அவங்க அம்மா, அப்பா ஊர்லேர்ந்து வந்து ரூம்ல இருக்காங்க, தமிழ்ல போட்டா அவங்களும் படிப்பாங்க” என்கிறார். பள்ளியில் தமிழில் நல்ல மார்க் வாங்கிய ஒருவரிடம் வேலை போகிறது. அவர் மெனக்கெட்டு எழுதினால் வருவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“தங்கள் உடல்நிலை குறித்த செய்தி கேட்டு ஆழ்ந்த வருத்தம் அடைந்தோம். தாங்கள் இல்லாத அலுவலகம் வெறிச்சோடிக் கிடக்கிறது. தங்களை என்றும் நினைவில் கொள்கிறோம். அமைதியாக இளைப்பாறுங்கள். இந்த வேதனை விரைவில் முடிவுக்கு வரும்.”

மேலே ஒரு போட்டோவை ஒட்டினால், தெருமுனையில் இருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு வரிகூட பிழை இல்லை. ஆனாலும் அந்த அம்மா இரண்டாவது வரியிலேயே போனைக் கீழே வைத்துவிடுவார்.

இதை ‘மூடநம்பிக்கை’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. சகுனத்தில் துளியும் நம்பிக்கை இல்லாதவருக்கும் மேலே உள்ள ஐந்து வரிகள் இரங்கல் செய்தியாகத்தான் கேட்கும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தச் சொற்கள் தமிழில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கின்றன என்பதுதான் முதல் சிக்கல்.

மென்மையான சொல்தான் வம்பு

கெட்ட வார்த்தை எது என்று எல்லோருக்கும் தெரியும். ‘சாவு’, ‘பிணம்’ என்று யாரும் வாழ்த்து அட்டையில் எழுதப் போவதில்லை. சறுக்குவது எப்போதும் மென்மையான சொல்லில்தான். அதற்குக் காரணம் பழையது.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், தகுதி வழக்கு என்ற தலைப்பில் மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. இதில் மங்கலம் என்பது, நேராகச் சொல்லக் கூசும் அமங்கலமான விஷயத்தை நல்ல சொல்லால் சொல்வது. ‘செத்தார்’ என்பதற்குத் ‘துஞ்சினார்’, அதாவது தூங்கினார். சுடுகாட்டுக்கு ‘நன்காடு’. பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். வீட்டில் இதுவே இன்னும் நடக்கிறது. விளக்கை ‘அணை’ என்று சொல்லாமல் ‘குளிர வை’ என்பார்கள். அரிசி தீர்ந்தால் சில வீடுகளில் ‘நிறைஞ்சிருக்கு’ என்பார்கள்.

இப்படி நூற்றாண்டுக் கணக்காக மரணத்தின் மேல் நல்ல சொற்களைப் போர்த்தியதன் விளைவு, அந்த நல்ல சொற்கள் எல்லாம் மரணத்துக்கே சொந்தமாகிவிட்டன. தூக்கம், இளைப்பாறுதல், அமைதி, சாந்தி, அடைதல், எய்துதல், சேர்தல். ‘இயற்கை எய்தினார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’, கிறிஸ்தவக் குடும்பங்களில் ‘கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்’, கத்தோலிக்கருக்கு ‘நித்திய இளைப்பாற்றி’. மொழிபெயர்ப்பவர், நோயாளிக்கு எழுதுகிறோமே, இதமாக இருக்கட்டும் என்று தேடும்போது கைக்குக் கிடைப்பது இதே பட்டியல்தான். தமிழ் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து.

வரி வரியாகப் பார்த்தால்

முதல் வரியில் ‘வருத்தம்’ தனியாக வந்தால் அவ்வளவு தொந்தரவில்லை. ‘ஆழ்ந்த’தான் அதைக் கெடுக்கிறது. எழுத்துத் தமிழில் ‘ஆழ்ந்த’ என்று படித்ததும் அடுத்து ‘இரங்கல்’ அல்லது ‘அனுதாபங்கள்’ என்றே மனசு எதிர்பார்க்கும். (இலங்கைத் தமிழில் ‘வருத்தம்’ என்றாலே நோய் என்று பொருள், அங்கே இந்த வரி இன்னொரு விதமாகக் குழம்பும்.) ‘சாரி டு ஹியர்’ என்பதற்குத் தமிழில் வருத்தமே தேவையில்லை. “ஆபரேஷன்னு இப்பதான் தெரிஞ்சுது. எப்படி இருக்கீங்க?” என்றால் அக்கறை தானாகவே தெரிந்துவிடும்.

‘வி மிஸ் யூ’ இன்னும் கஷ்டம். ‘மிஸ்’ என்பதற்கு நேர்ச்சொல் தேடினால் இல்லாமை, இழப்பு, குறை, வெறுமை என்றுதான் போகும். ‘நீங்கள் இல்லாத’ என்று தொடங்கும் எந்த வாக்கியமும் நினைவஞ்சலி ஆகிவிடும். இதற்கு வழி, வாக்கியத்தைத் திருப்பிப் போடுவது. அவர் இல்லாததைச் சொல்லாமல், அவர் வந்து செய்யப்போவதைச் சொல்வது. “நீங்க வந்துதான் அந்த ரிலீஸை முடிக்கணும், உங்க சீட்டை யாரும் தொடல” என்று எழுதலாம். ‘மிஸ் பண்றோம்’ என்று ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. நண்பர்களுக்குள் அது பழகிய பேச்சு, அதில் சாவு வாடை இல்லை. தூய தமிழ் வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டிய இடம் இது.

மூன்றாவது வரிக்கு ஒரு சொல்லை மாற்றினால் போதும். ‘நினைவில் கொள்கிறோம்’, ‘நினைவுகூர்கிறோம்’ இரண்டும் போனவர்களுக்கானவை. ‘உங்க ஞாபகமாவே இருக்கு’, ‘உங்களைப் பத்திதான் பேசிட்டு இருந்தோம்’ என்பவை இருப்பவர்களுக்கானவை. பிரார்த்தனையைச் சேர்ப்பவர்கள், எதற்காக என்பதையும் சேர்த்தே எழுதுவது நல்லது. ‘நீங்க நல்லபடியா எழுந்து வர வேண்டிக்கிறோம்’ என்று முழுதாக வந்தால் சந்தேகம் வராது. வெறும் ‘பிரார்த்திக்கிறோம்’ என்று நிறுத்திவிட்டால், ‘ஆத்மா சாந்தியடைய’ என்பதைக் காது தானே நிரப்பிக்கொள்ளும்.

‘ரெஸ்ட் வெல்’ என்பதற்கு ‘ஓய்வெடுங்க’ சரி. ‘நல்லா ரெஸ்ட் எடுங்க’ அதைவிடச் சரி. ‘இளைப்பாறுங்கள்’, ‘நிம்மதியாக உறங்குங்கள்’ இரண்டும் வேண்டாம்.

கடைசி வரிதான் மிக மோசம். ‘வேதனை முடிவுக்கு வரும்’, ‘சீக்கிரம் விடுதலை கிடைக்கும்’, ‘எல்லாம் முடிஞ்சிடும்’ மூன்றுமே, நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவர் இறந்தபோது உறவினர் சொல்லும் ஆறுதல்கள். ‘சரியாயிடும்’ என்ற சாதாரணச் சொல் இருக்கும்போது இவை எதற்கு?

போவதும் வருவதும்

டிஸ்சார்ஜ் பற்றி எழுதும்போதும் கவனம் வேண்டும். ‘சீக்கிரம் வீடு போய்ச் சேருங்க’ என்பதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னால் நல்ல வாழ்த்துதான். தமிழில் ‘போய்ச் சேர்ந்துட்டார்’ என்றால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூட ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘வரேன்’ என்று சொல்லும் ஊர் இது. ‘சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுங்க’ என்று எழுதினால் அதே விஷயம் நல்லபடியாக முடிந்துவிடும்.

வாழ்த்துக்கு மிகவும் கைகொடுக்கும் சொல் ‘மீண்டு வாருங்கள்’. அதிலும் ஒரு கண்ணி உண்டு. போன் கீபோர்டில் ‘மீண்டு’ என்று அடிக்கும்போது ‘மீண்டும்’ என்று பரிந்துரை வரும், விரலும் பழக்கத்தில் அதையே தொட்டுவிடும். ‘மீண்டும் வாருங்கள்’ என்பது ஜவுளிக்கடை வாசலில் இருக்க வேண்டியது. ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு அது போய்ச் சேர்ந்தால், சிரிக்கக்கூடியவராக இருந்தால் பிழைத்தோம்.

விசாரிக்கும் கேள்விகளிலும் இதேதான். ‘உடம்பு எப்படி இருக்கு?’ என்பது உயிரோடு இருப்பவரைப் பற்றிய கேள்வி. ‘உடல்’ என்று தனியாக வந்தால் அது செய்தித்தாள் மொழி. ‘பாடி’ என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்கேன் பற்றி விசாரிக்கிறவர், ‘எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?’ என்று மட்டும் டைப் செய்து அனுப்பினால், அது சாவு வீட்டு வாசலில் நின்று கேட்கும் கேள்வி. ‘ஸ்கேன்’ என்ற ஒரு சொல் முன்னால் இருந்தால் தீர்ந்தது.

இவ்வளவும் பார்த்த பிறகு அந்த அட்டை இப்படி மாறலாம்:

“ஆபரேஷன் நல்லபடியா ஆச்சுன்னு கேட்டதும்தான் எல்லாருக்கும் நிம்மதி. உங்களைப் பத்திதான் டெய்லி பேச்சு. நல்லா ரெஸ்ட் எடுங்க, அம்மா சமையலை ஒரு கை பாருங்க. சீக்கிரம் எழுந்து வாங்க, உங்க சீட்டை யாருக்கும் விடல.”

முதலில் இருந்ததைவிட இதில் இலக்கியம் குறைவு. எழுவது, சாப்பிடுவது, வருவது என்று ஆள் நடமாட்டம் அதிகம். சத்தமாகப் படித்துக் காட்டினால் அந்த அம்மாவும் கேட்பார்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த அட்டையும் உதவாது. குணமாகி வரமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்ட, அது அவருக்கும் தெரிந்த நிலைமை. அங்கே ‘சீக்கிரம் எழுந்து வாங்க’ என்பது மங்கலமாக இருக்கலாம், ஆனால் படிப்பவருக்குப் பொய்யாகத்தான் படும். ‘உங்களுக்கு ஒண்ணும் இல்ல’ என்பது அதைவிட மோசம்; தன் வலியைப் பற்றிப் பேச அவருக்கு இருக்கும் கதவையும் அது சாத்திவிடுகிறது. அமங்கலத்தைத் தவிர்ப்பது ஒன்று, அவர் நிலைமையையே மறுப்பது வேறு. அப்படிப்பட்டவருக்கு எழுதும்போது வாழ்த்தையே விட்டுவிடலாம். “சனிக்கிழமை நாலு மணிக்கு வரேன். அந்தப் பழைய காலேஜ் போட்டோவெல்லாம் கிடைச்சுது, எடுத்துட்டு வரேன். காபி வேணுமா?” என்று எழுதலாம். அவருக்குக் காபி கூடாது என்றால் வீட்டில் இருப்பவர்கள் பதில் போடுவார்கள்.