நீல மூடித் தாங்கி வற்றும்போது

டீசல் தீர்ந்தால் வாகனம் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். புதிய டீசல் வாகனங்கள் பலவற்றில் இன்னொரு தாங்கியும் உண்டு. அது வற்றினாலும் வாகனம் முடங்கும். டீசல் மூடிக்கு அருகிலோ லொறியின் பக்கவாட்டிலோ நீல மூடியுடன் இருக்கும் அந்தத் தாங்கியில் ஊற்றுவது அட்புளூ என்ற திரவம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் பின் வந்திறங்கும் வாகனங்களோடு இந்த நீல மூடியும் மாத்தளை மாவட்ட வீதிகளை எட்டுகிறது. வாகனத்துக்கு அனுமதி கொடுத்த அரசு, அது கேட்கும் திரவத்துக்கும் அது காட்டும் எச்சரிக்கைக்கும் சேர்த்தே பொறுப்பேற்க வேண்டும்.

அட்புளூ என்பது 32.5 சதவீதம் தூய யூரியாவும் மீதி கனிமம் நீக்கிய நீரும் சேர்ந்த கலவை. சூடான புகைக்குழாயில் அது தெளிக்கப்படும்போது யூரியா பிரிந்து அமோனியா உண்டாகிறது. டீசல் புகையில் உள்ள நைதரசன் ஒக்சைட்டுகளோடு ஊக்கியின் மேல் அந்த அமோனியா வினைபுரிய, நச்சு வாயு சாதாரண நைதரசனாகவும் நீராவியாகவும் மாறி வெளியேறுகிறது. நுரையீரலை அரிக்கும் வாயுவை வீதிக்கு வராமல் தடுப்பது இதுதான்.

ஆனால் இயந்திரம் ஓடுவதற்கு இந்தத் திரவம் தேவையே இல்லை. தாங்கி வற்றினாலும் இழுவை குறையாது, சத்தம் மாறாது, கரும்புகையும் வராது. நட்டம் வீதியோரம் மூச்சு விடுபவருக்கு மட்டுமே. அதனால்தான் ஐரோப்பிய விதிகள் வாகனத்தின் கணினிக்குள்ளேயே ஒரு பூட்டை வைத்தன. உற்பத்தியாளரையும் கூடக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2015 செப்டெம்பர் 18ஆம் திகதி அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வெளிக்கொணர்ந்த வொக்ஸ்வாகன் மோசடியில், பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே இந்தத் திரவத்தைக் குறைத்துத் தெளிக்கும் மென்பொருள் கொண்ட கார்களும் சிக்கின.

பூட்டு எப்படி விழுகிறது? யூரோ 6 தரத்தில் செய்யப்பட்ட ஒரு மரக்கறி லொறி தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் கண்டிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்புளூ தாங்கி 40 லீற்றர். ஒரு லீற்றர் டீசலுக்கு 4 கிலோமீற்றர் ஓடும் அந்த லொறி, எரிக்கும் டீசலில் ஏறத்தாழ 5 சதவீத அளவுக்கு அட்புளூவைச் செலவழிக்கும். தாங்கியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4 லீற்றர் மிஞ்சும் நேரத்துக்குள் எச்சரிக்கை விளக்கு எரிந்துவிடும். அப்போதும் சுமார் 320 கிலோமீற்றர் கையில் இருக்கிறது. கண்டிக்குப் போய்த் திரும்பி மறுபடியும் போகலாம். அந்த விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டி அளவு 2.5 சதவீதத்துக்குக் கீழே, ஒரு லீற்றருக்கு, இறங்கினால் கணினி இயந்திரத்தின் முறுக்குவிசையில் கால் பங்கைக் குறைத்துவிடும்.

தம்புள்ளையிலிருந்து கண்டிக்குச் சுமார் 72 கிலோமீற்றர். மிஞ்சிய ஒரு லீற்றர் கணக்குப்படி 80 கிலோமீற்றருக்குப் போதும். ஆனால் நாவுல, நாலந்தா, மாத்தளை கடந்து பலகடுவ ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது கால் பங்கு வலு இல்லாத லொறி எப்படித் திணறும் என்பதை அந்த வழியில் ஓடும் சாரதிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏற்றம் கூடுதலாக டீசலைக் கேட்கும். டீசல் கூடினால் அட்புளூவும் கூடுதலாகத் தீரும். கணக்கில் இருந்த மிச்சம் வீதியில் இருக்காது. தாங்கி முற்றாக வற்றிய பின், வாகனத்தை அணைத்து மீண்டும் இயக்கும்போதோ டீசல் நிரப்பும்போதோ வேகம் மணிக்கு 20 கிலோமீற்றராகக் கட்டுப்படும்.

கார், ஜீப், வேன்களில் முறை வேறு. ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 2,400 கிலோமீற்றர் மிஞ்சியிருக்கும்போதே எச்சரிக்கை தொடங்க வேண்டும். பின்னர் எஞ்சிய தூரம் திரையில் ஒவ்வொன்றாகக் குறைந்து வரும். பூச்சியத்தைத் தொட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் நடுவீதியில் நின்றுவிடாது. அணைத்தால்தான் சிக்கல்; பல மாதிரிகள் அதன்பின் ஸ்டார்ட் ஆகாது. இரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் ஏறி, காட்சி பார்க்க இயந்திரத்தை அணைத்த குடும்பம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒரு சின்னப் போத்தலை வாங்கி ஊற்றினாலும் போதாமல் போகலாம். உணரி கண்டுகொள்ளக் குறைந்தபட்ச அளவு ஒன்று கைநூலில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவை ஊற்றி, சாவியைத் திருப்பிச் சற்று நேரம் காத்திருந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கைநூலை வாசிக்க முடிந்தால்தானே? ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டு, பாவித்தபின் இங்கு வரும் வாகனங்களில் எச்சரிக்கை வாசகமும் ஜப்பானிய எழுத்திலேயே வரும். வாசிக்க முடியாத எச்சரிக்கையைக் காட்டிவிட்டுப் பிறகு தண்டிப்பது நியாயமல்ல. சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்ட ஓர் ஒட்டுத்தாளும் விளக்கத் தாளும் இல்லாமல் இத்தகைய எந்த வாகனத்தையும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் பதிவுசெய்யக் கூடாது.

மாத்தளை போன்ற விவசாய மாவட்டத்தில் தனியான ஓர் ஆபத்தும் உண்டு. வீட்டு மூலையில் யூரியா மூட்டை இருக்கும். கிணற்றில் தண்ணீர் இருக்கும். கலந்தால் ஆயிற்று என்று தோன்றும். உர யூரியாவில் பையூரெட் என்ற சேர்மம் அட்புளூவுக்கு அனுமதித்த 0.3 சதவீதத்தைவிட அதிகமாக இருக்கலாம். கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பூச்சும் அதில் உண்டு. கிணற்று நீரில் கல்சியம் உண்டு. தெளிப்பான் வெள்ளைப் படிவால் அடைபடும், ஊக்கி மெல்ல மெல்லச் செயலிழக்கும். செறிவை அளக்கும் உணரி உள்ள வாகனம் இதைக் கண்டுபிடித்து, வெற்றுத் தாங்கியைப் போலவே வேகத்தைக் கட்டுப்படுத்தும். டீசலைத் தவறி இதில் ஊற்றினால் கேடு இன்னும் பெரிது. அப்போது சாவியைத் திருப்பவே கூடாது. முதலில் தாங்கியைக் கழுவ வேண்டும்.

இத்தனை தொல்லையையும் கண்டு, கணினியை ஏமாற்றும் கருவியைப் பொருத்தி அமைப்பையே துண்டித்துவிடலாம் என்று சிலர் வாதிடக்கூடும். இதை நாம் எதிர்க்கிறோம். நமது வருடாந்தப் புகைப் பரிசோதனை டீசல் வாகனத்தில் புகையின் அடர்த்தியை அளக்கிறதே தவிர நைதரசன் ஒக்சைட்டுகளை அளப்பதில்லை. துண்டிக்கப்பட்ட லொறியும் சான்றிதழோடு வெளியே வரும். ஆகவே இந்தக் கருவிகளின் இறக்குமதியையும் பொருத்துதலையும் தடைசெய்து, நீல மூடி உள்ள வாகனங்களுக்கு நைதரசன் ஒக்சைட்டு அளவீட்டையும் பரிசோதனையில் சேர்க்க வேண்டும்.

பூட்டைத் தளர்த்தலாம் என்போர் அமெரிக்காவைக் காட்டுவார்கள். 2025 ஓகஸ்டில் அங்குள்ள சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் மென்பொருளை மாற்றச் சொன்னது உண்மைதான். ஆனால் அது திடீர் வலு இழப்பைத் தவிர்த்து, சாரதிக்குக் கூடுதல் அவகாசம் கொடுப்பதற்காக. அந்த அறிவிப்பால் கட்டுப்பாடு முற்றாக நீங்கிவிடவில்லை.

அவகாசம் பயன்பட வேண்டுமென்றால் திரவம் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். 2021 ஒக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியபோது, தென்கொரியா அவுஸ்திரேலியாவுக்கு இராணுவ விமானத்தையே அனுப்பி 27,000 லீற்றர் கொண்டுவந்தது. அதே ஆண்டில் உர இறக்குமதித் தடையால் யூரியா இல்லாமல் தவித்த நாடு நம்முடையது. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தின் அருகிலும், நாவுல, மாத்தளை, கலேவெல நகரங்களிலும் தலா ஓர் எரிபொருள் நிரப்பு நிலையத்திலாவது தரச்சான்று பெற்ற அட்புளூ எந்நாளும் இருக்கப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஏற்பாடு செய்ய வேண்டும். 30 பாகை வெப்பத்தில் ஓராண்டும் 35 பாகையில் ஆறு மாதமுமே தாங்கும் திரவம் இது. தம்புள்ளை வெயிலில் கடைவாசலில் அடுக்கி விற்காமல் நிழலில் வைத்து, உற்பத்தித் திகதி தெரியும்படி விற்பதை நுகர்வோர் அதிகாரசபை கண்காணிக்க வேண்டும்.